வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா?

பழனிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது பாலசமுத்திரம். பாலாறு - பொருந்தலாறு அணையை ஒட்டிய பகுதி என்பதால் தென்னையும் நெல்லும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். இங்கே ஒரு தோப்பு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்க வந்தவர் மரத்தை அண்ணாந்து பார்க்கிறார், கிணற்றை எட்டிப் பார்க்கிறார், பாதை எவ்வளவு அகலம் என்று காலாலேயே அளக்கிறார். எல்லாம் பிடித்துப்போன பிறகு கூட வந்த பெரியவர் கேட்பார்: “எல்லாஞ் சரி மாப்ளே, வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சா?”

நம் ஊரில் வில்லங்கம் என்றாலே வம்பு. ‘வில்லங்கம் புடிச்ச ஆளு’ என்று யாரையாவது சொன்னால் எட்டிப் போகவேண்டும் என்று பொருள். அந்தப் பயத்தினாலேயே பலர் வில்லங்கச் சான்றிதழைக் கையில் வாங்கியதும் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்கிறார்கள்: கடன் இருக்கிறதா, இல்லையா? இல்லை என்று தோன்றினால் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்தத் தாளில் இருப்பது வேறு. ‘இந்த நிலம் இன்னாருடையது’ என்று அது எந்த வரியிலும் சொல்வதில்லை. இந்தப் புல எண் பேரில், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, யார் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்துப் பதிவு செய்தார்கள் என்ற நிகழ்ச்சி வரிசையை மட்டுமே அது தருகிறது. உரிமை யாருக்கு என்பதை அந்த வரிசையிலிருந்து படிப்பவர்தான் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும்.

தாள் எங்கிருந்து வருகிறது?

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பல புத்தகங்கள் உண்டு. நிலம், வீடு சம்பந்தப்பட்ட கிரயம், அடமானம், பாகப்பிரிவினை போன்றவை 1ஆம் புத்தகத்தில் ஏறும். உயில்களுக்குத் தனியாக 3ஆம் புத்தகம். அசையாச் சொத்தைப் பற்றியதல்லாத பலவகை ஆவணங்களுக்கு 4ஆம் புத்தகம். 1ஆம் புத்தகத்துக்குச் சொத்து வாரியாக ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். நாம் ‘வில்லங்கம் போடுவது’ என்று சொல்வது அந்த அட்டவணையில் தேடுவதைத்தான்.

இப்போது tnreginet.gov.in தளத்தில் கட்டணமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். மண்டலம், பதிவு மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், தேதிகள், புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்தால் விவரம் திரையில் வரும். பொதுவாக 1975 முதலான பதிவுகள் இதில் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய காலத்துக்கு அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கைப்பட எழுதிய அட்டவணையில் தேடச் சொல்ல வேண்டும். பதிவுகள் இருந்தால் படிவம் 15 வரும், ஒன்றுமே இல்லாவிட்டால் படிவம் 16.

முதல் தவறு இந்த இடத்திலேயே நடக்கிறது. நாம் எந்த எண்ணைக் கொடுத்தோமோ அந்த எண்ணுக்கு மட்டும்தான் பதில் வரும். 100/2 என்று இருந்த நிலம் பிற்பாடு 100/2A, 100/2B என்று உட்பிரிவு ஆகியிருந்தால், பழைய பத்திரங்களெல்லாம் 100/2 என்ற பேரில்தான் ஏறியிருக்கும். 100/2B என்று மட்டும் கொடுத்துத் தேடியவருக்குச் சமீபத்திய பதிவுகள் மட்டும் கிடைக்கும், சில சமயம் வெற்றுத் தாளே கிடைக்கும். ‘வில்லங்கமே இல்லை’ என்று அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார். பட்டாவையும் பழைய பத்திரத்தையும் வைத்துக்கொண்டு, அந்த நிலத்துக்கு இதுவரை இருந்த எல்லா எண்களுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்பதே முறை. இடையில் கிராமம் வேறு சார்பதிவாளர் அலுவலகத்தோடு சேர்க்கப்பட்டிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும்.

ஏழு பதிவுகள், ஒரு தோப்பு

மேலே சொன்ன தோப்புக்கே ஒரு மாதிரி வில்லங்கம் எடுத்துக்கொள்வோம். எண்களும் ஆட்களும் விளக்கத்துக்காக வைத்தவை. ஆனால் இந்த மாதிரியான வரிசையைப் பத்திர எழுத்தர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். நிலம் 2 ஏக்கர் 40 சென்ட், புல எண் 100/2. அதை வாங்கியவர் ஒரு தாத்தா. இப்போது விலைக்கு வருவது அதில் அவருடைய இரண்டு மகன்களில் இளையவரான தம்பியின் பங்கு, 1 ஏக்கர் 20 சென்ட். தாளில் உள்ள பதிவுகள் இவை:

1. 1978: கிரயம். பக்கத்துக் காட்டுக்காரர் தாத்தாவுக்கு 2 ஏக்கர் 40 சென்ட் எழுதிக் கொடுத்தார்.
2. 1991: அடமானம். தாத்தா ஒருவரிடம் 20,000 ரூபாய் கடன் வாங்கி எழுதிக் கொடுத்தார்.
3. 1996: ரசீது. கடன் கொடுத்தவர் தாத்தாவுக்கு எழுதிக் கொடுத்தார்.
4. 2006: பாகப்பிரிவினை. அண்ணன், தம்பி இருவர். ஆளுக்கு 1 ஏக்கர் 20 சென்ட்.
5. 2014: உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு. தம்பி வங்கிக்கு எழுதிக் கொடுத்தார், 5,00,000 ரூபாய்.
6. 2017: கிரயம். தம்பி வெளியூர்க்காரர் ஒருவருக்கு 40 சென்ட் எழுதிக் கொடுத்தார்.
7. 2019: பொது அதிகார ஆவணம். தம்பி ஒரு முகவருக்கு எழுதிக் கொடுத்தார்.

தோப்பை விற்க வந்திருப்பவர் தம்பி அல்ல, 2019இல் பவர் வாங்கிய அந்த முகவர். அவர் சொல்வது: “1 ஏக்கர் 20 சென்ட், கடன் எதுவும் கிடையாதுங்க, அடுத்த வாரமே பதிஞ்சுக்கலாம்.”

கொடுத்தவர், வாங்கியவர்

சான்றிதழின் ஒவ்வொரு பதிவிலும் ‘எழுதிக் கொடுத்தவர்’, ‘எழுதி வாங்கியவர்’ என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இந்த இரண்டையும் ‘விற்றவர், வாங்கியவர்’ என்று படித்துவிட்டால் எல்லாம் குழம்பிப்போகும். 5ஆம் பதிவில் எழுதிக் கொடுத்தவர் தம்பி, வாங்கியவர் வங்கி. இதைப் பார்த்துவிட்டு நிலம் வங்கிக்குப் போய்விட்டதோ என்று மிரள்பவர்கள் உண்டு. ரசீதிலோ இது தலைகீழாக இருக்கும். கடன் கொடுத்தவர் எழுதிக் கொடுப்பார், கடன் வாங்கியவர் எழுதி வாங்குவார். அதனால் பெயர்களுக்கு முன்னால் ‘தன்மை’ என்ற கட்டத்தைப் படிக்க வேண்டும். கிரயமா, அடமானமா, ரசீதா, விடுதலையா, செட்டில்மெண்டா என்பது தெரிந்த பிறகுதான் பெயர்களுக்குப் பொருள் வரும். பாகப்பிரிவினையில் இரண்டு கட்டங்களிலும் அதே ஆட்கள் இருப்பார்கள். அது அச்சுப் பிழை அல்ல, ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்கள்.

அடுத்து, சங்கிலி. இன்று எழுதிக் கொடுப்பவர், அதற்கு முன் ஏதாவது ஒரு பதிவில் வாங்கியவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலம் அவர் கைக்கு எப்படி வந்தது என்று கேள்வி எழும். நம் மாதிரியில் தாத்தா 1978இல் வாங்கினார், 1991இல் அடமானம் வைத்தார். சரி. தம்பி 2014இல் வங்கியில் வைத்தார், 2006இல் பாகத்தில் பெற்றார். அதுவும் சரி. ஆனால் 2006இல் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிக்குத் தாத்தா எப்போது, எதை எழுதிக் கொடுத்தார்? தாளில் அதற்கு ஒரு வரியும் இல்லை. 3ஆம் பதிவுக்கும் 4ஆம் பதிவுக்கும் நடுவில் பத்து வருஷம் வெறுமையாகக் கிடக்கிறது.

அந்தப் பத்து வருஷத்தில் தாத்தா இறந்துபோனார். சாவு பதிவு அலுவலகத்தில் பத்திரமாக ஏறுவதில்லை. வாரிசுகளுக்குச் சொத்து சட்டப்படி தானாக இறங்கிவிடுகிறது, அதற்குக் கிரயம் போல ஒரு பத்திரம் தேவையில்லை. அதனால்தான் வில்லங்கத்தில் இப்படி ஓர் இடைவெளி தென்பட்டால் அனுபவமுள்ள வழக்கறிஞர் உடனே கேட்பது இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும்.

கடன் தீர்ந்ததா?

1991 அடமானமும் 1996 ரசீதும் ஒரு ஜோடி. கடன் வாங்கிய பதிவு ஒன்று, தீர்த்த பதிவு ஒன்று. ரசீதின் ‘முந்தைய ஆவண எண்’ கட்டத்தில் 1991 பத்திரத்தின் எண் இருந்தால் அந்தக் கணக்கு முடிந்தது. கடன் அடைபட்டாலும் பழைய அடமானப் பதிவு தாளிலிருந்து மறையாது. ஏறியது ஏறியதுதான். அதற்கு எதிரே ரசீது ஏறியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

2014 பதிவுக்கு ஜோடி இல்லை.

உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு என்றால், மூலப் பத்திரங்களை வங்கியிடம் கொடுத்துக் கடன் வாங்குவது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு இதையும் ஒரு வகை அடமானமாகவே வைத்திருக்கிறது. வீட்டுக் கடன், தொழில் கடன் வாங்கியவர்கள் பலரின் வில்லங்கத்திலும் இப்படி ஒரு பதிவு இருக்கும். ஒருகாலத்தில் இதற்கான ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. பத்திரம் வங்கி லாக்கரில் கிடக்கும், வில்லங்கம் வெற்றுத் தாளாக வரும். தமிழ்நாடு அரசு பதிவுச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் 2012 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு இந்த ஒப்பந்தமும், விற்பனை உடன்படிக்கையும், நிலத்தைப் பற்றிய பவர் பத்திரமும் கட்டாயப் பதிவுக்குள் வந்தன. அதனால் 2012க்கு முந்தைய காலத்துக்கு வில்லங்கம் சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. மூலப் பத்திரத்தை விற்பவர் கையிலேயே கண்ணால் பார்க்க வேண்டும். ‘தொலைஞ்சுபோச்சு, நகல்தான் இருக்கு’ என்றால் அது எங்கே அடமானத்தில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும்.

முகவர் சொன்னது போல தம்பி கடனைக் கட்டி முடித்திருக்கவும் கூடும். பணத்தைக் கட்டிவிட்டு, வங்கியிலிருந்து பத்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ரசீதைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் நிறையப் பேர். அப்படியென்றால் தீர்வு எளிது: வங்கி ரசீது எழுதிக் கொடுத்து, அது பதிவான பிறகு மறுபடி வில்லங்கம் போட்டுப் பார்த்தால் ஜோடி சேர்ந்திருக்கும். கடன் பாக்கி இருந்தால் கதை வேறு. 2017இல் 40 சென்ட் வாங்கிய வெளியூர்க்காரரையும் அது சும்மா விடாது. அவர் வாங்கியபோது 2014 அடமானம் 1 ஏக்கர் 20 சென்ட் முழுவதன் மேலும் இருந்தது. நிலம் கைமாறினாலும் அடமானம் நிலத்தோடேயே போகும்.

சென்ட் கணக்கு

மூன்றாவதாக, கழித்தல் கணக்கு. தம்பிக்குப் பாகத்தில் வந்தது 1 ஏக்கர் 20 சென்ட். 2017இல் 40 சென்ட் விற்றாயிற்று. மிச்சம் 80 சென்ட். முகவர் 1 ஏக்கர் 20 சென்ட் என்கிறார்.

இது வேண்டுமென்றே சொன்ன பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. 2017 கிரயத்துக்குப் பிறகு பட்டா மாறாமல் இருந்தால் வருவாய்த்துறைக் கணக்கில் இன்னும் தம்பி பேரில் முழு நிலமும் தெரியலாம். முகவர் பட்டாவை வைத்துப் பேசுகிறார், வில்லங்கமோ பத்திரத்தை வைத்துப் பேசுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர் விற்ற நிலத்துக்கே மறுபடி பணம் கொடுக்கிறார். சான்றிதழின் அட்டவணைப் பகுதியில் விஸ்தீர்ணமும் நான்கு எல்லைகளும் தரப்பட்டிருக்கும். ஒரு துண்டுத் தாளில் ஒவ்வொரு கிரயத்தின் விஸ்தீர்ணத்தையும் கழித்துக்கொண்டே வந்து, எல்லைகளை வைத்து ஒரு கோட்டுப்படம் போட்டால், விற்ற 40 சென்ட் பாதையோரமா, கிணற்றடியா என்பதுவரை தெரிந்துவிடும். பாதையோரத் துண்டுதான் போயிருக்கிறது என்றால், மிச்சமுள்ள 80 சென்டுக்குப் போக வழி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

கடைசிப் பதிவு பவர். முகவர் என்பவர் உரிமையாளர் அல்ல, உரிமையாளருக்காகக் கையெழுத்துப் போடுபவர். பவர் பத்திரத்தை வைத்து நிலத்தின் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரண பவர் அதோடு முடிந்துபோகும். ரத்து செய்திருந்தால் அந்த ரத்துப் பத்திரம் வில்லங்கத்தில் தனிப் பதிவாக வரும். இறப்பு வராது. எனவே தம்பியை நேரில் பார்க்காமல் முகவரோடு மட்டும் பேசி முடிப்பதில் அர்த்தமில்லை.

தாளில் ஏறாதவை

வில்லங்கத்தில் இல்லாதவற்றின் பட்டியல் நீளமானது. உயில் வராது. பதிவு செய்யப்பட்டதாக இருந்தாலும் அது 3ஆம் புத்தகத்தில் இருப்பதால் இந்தத் தேடலில் சிக்காது. பதிவாகாத ஒப்பந்தம், வாய்மொழிப் பாகம், யாராவது அனுபவித்து வரும் ஆக்கிரமிப்பு, இவையும் வராது. நீதிமன்ற ஜப்தி உத்தரவு சார்பதிவாளருக்கு அனுப்பப்பட்டு ஏறியிருந்தால் தெரியும். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

இந்தக் கடைசி விஷயத்தை 2010 டிசம்பரில் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே கவலையோடு குறிப்பிட்டது. பாகம் கேட்டு வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே சொத்து விற்கப்பட்டிருந்தது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, வழக்கின் நடுவில் வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். விற்பவர் தாமாகச் சொன்னாலொழிய, வாங்குபவர் நிலுவை வழக்கைத் தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் இருக்கிறதே என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. மகாராஷ்டிராவும் குஜராத்தும் நிலுவை வழக்கைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்திருப்பதைச் சொல்லி, அதைப் போன்ற திருத்தத்தை எல்லா இடத்துக்கும் யோசிக்கும்படி கேட்டுக்கொண்டது. இன்று நீதிமன்றங்களின் இணையதளத்தில் கட்சிக்காரர் பெயரைக் கொடுத்துத் தேடலாம். அது வில்லங்கத்துக்கு வெளியே செய்யவேண்டிய தனி வேலை.

தேதிகளிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் எழுதிக் கொடுத்த நாள், தாக்கல் செய்த நாள், பதிவு நாள் என்று மூன்று வரும். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆவணத்தைத் தாக்கல் செய்யலாம். பதிவானால் அது எழுதிய நாளிலிருந்தே செல்லும் என்கிறது பதிவுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. அதாவது நேற்று எடுத்த வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும், போன மாதம் எழுதி இன்னும் தாக்கல் செய்யாத ஒரு கிரயம் யாரிடமாவது இருக்கலாம். இதற்குத் தாளில் மருந்து இல்லை. மூலப் பத்திரம் விற்பவர் கையில் இருப்பதும், நிலத்தை யார் அனுபவிக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும்தான் காவல்.

சார்பதிவாளர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுப்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பதிவுச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7 அன்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. ஆகவே ஒரு பத்திரம் பதிவாகி வில்லங்கத்தில் ஏறிவிட்டது என்பதாலேயே, எழுதிக் கொடுத்தவருக்கு அதற்கு உரிமை இருந்தது என்று ஆகிவிடாது.

மூன்றாவது வாரிசு

மறுபடி அந்தப் பத்து வருஷ இடைவெளிக்கு வருவோம். 1978இல் தாத்தா நிலத்தைக் கிரயத்துக்கு வாங்கினார் என்று முதல் பதிவு சொல்கிறது. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியதென்றால் அது அவருடைய தனிச்சொத்து. உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. மகளுக்குப் பங்கு 2005 திருத்தத்துக்குப் பிறகுதான் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். அந்தத் திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. அப்பாவின் தனிச்சொத்தில் மகளுக்கு 1956 முதலே பங்கு உண்டு.

மாதிரிக் குடும்பத்தின் வாரிசுச் சான்றில் மூன்று பேர் இருக்கிறார்கள்: இரண்டு மகன், ஒரு மகள். பாட்டி முன்பே காலமாகிவிட்டார். 2 ஏக்கர் 40 சென்டை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 80 சென்ட். 2006 பாகப்பிரிவினையிலோ அண்ணனும் தம்பியும் ஆளுக்கு 1 ஏக்கர் 20 சென்ட் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா தன் பங்கை விட்டுக் கொடுத்திருந்தால் 2006க்கு முன்போ அன்றோ ஒரு விடுதலைப் பத்திரம் பதிவாகி வில்லங்கத்தில் வந்திருக்க வேண்டும். ஏழு பதிவுகளில் அது இல்லை.

தோப்பு வாங்க வந்தவர் செய்யவேண்டியது, சான்றிதழில் உள்ள ஆவண எண்ணையும் ஆண்டையும் கொடுத்து 2006 பாகப் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிப்பது. வில்லங்கத்தில் வருவது சுருக்கம்தான், முழு வாசகம் பத்திரத்தில் இருக்கிறது. நகல் வந்ததும் சொத்து விவரத்துக்குத் தாவாமல் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். இந்த மாதிரிப் பத்திரங்களில் ஊர்ப்பக்கம் வழக்கமாக ஒரு வாசகம் எழுதுவார்கள். நமது சகோதரிக்குத் திருமணத்தின்போது நகையும் சீரும் செய்து கொடுத்துவிட்டபடியால் அவருக்கு இந்தச் சொத்தில் பாத்தியமில்லை என்று அதில் இருக்கும். அதற்குக் கீழே அண்ணன் கையெழுத்து, தம்பி கையெழுத்து, இரண்டு சாட்சிகள் கையெழுத்து, எழுதியவர் பெயர். அக்காவின் கையெழுத்து எந்தப் பக்கத்திலும் இருக்காது.